கட்டைவிரல் மறைத்த ரெண்டு வார்த்தை

பரீட்சைக்கு முந்தின வாரம் எல்லா கிளாஸ் குரூப்பிலும் ஒரு போட்டோ சுத்தும். பழைய வருஷ கொஸ்டின் பேப்பர், டேபிள் மேல வச்சு எடுத்தது, ஒரு ஓரத்துல நிழல், இன்னொரு ஓரத்துல எடுத்தவரோட கட்டைவிரல். எங்க குரூப்புக்கு வந்தது அக்கவுண்டிங் எலெக்டிவ் பேப்பர். தேய்மானக் கணக்கு, பதினாறு மார்க். எல்லா எண்ணும் தெளிவா இருக்கு. விரல் மறைச்சது ரெண்டே ரெண்டு வார்த்தையைத்தான். ஆனா அந்த ரெண்டு வார்த்தைதான் கணக்கு லாபத்துல முடியுமா, நட்டத்துல முடியுமா என்பதையே தீர்மானிக்குது.

கேள்வி இதுதான், தமிழ்ல சொல்றேன். ஒரு நிறுவனம் 2021 ஜூலை 1-ம் தேதி ஒரு லேத் மெஷினை ரூ.1,80,000-க்கு வாங்கியது. கொண்டுவந்து நிறுவ ரூ.20,000 செலவானது. ஆண்டுக்கு 10 சதவீதம் தேய்மானம் ........ மீது கணக்கிடப்படுகிறது. 2024 செப்டம்பர் 30 அன்று மெஷின் ரூ.1,40,000-க்கு விற்கப்பட்டது. கணக்கு ஆண்டு மார்ச் 31-ல் முடிகிறது. குறிப்பேட்டுப் பதிவுகளைத் தருக.

அந்தப் புள்ளிக் கோடு இருக்கிற இடத்துலதான் விரல். அங்க 'அடக்க விலை' அல்லது 'ஒரிஜினல் காஸ்ட்' என்று இருந்தால் நேர்கோட்டு முறை, அதாவது ஸ்ட்ரெய்ட் லைன். 'டிமினிஷிங் பேலன்ஸ்', 'ரெடியூசிங் பேலன்ஸ்', 'ரிட்டன் டவுன் வேல்யூ' இதுல எது இருந்தாலும் குறைந்து செல் மதிப்பு முறை. மூணு பேர் இருந்தாலும் கணக்கு ஒண்ணுதான். பிளஸ் ஒன்ல காமர்ஸ் எடுத்தவங்களுக்கு இது தெரிஞ்சிருக்கும். நம்மள மாதிரி மேத்ஸ்-பயாலஜில வந்தவங்கதான் மூணு தனித்தனி முறைன்னு நினைச்சு பயப்படுறோம்.

மறைஞ்ச வார்த்தையை மத்த வரிகளை வச்சு ஊகிக்க முடியுமா? சில கேள்விகள்ல முடியும். 'ஆயுள் 10 ஆண்டு, எஞ்சிய மதிப்பு ரூ.20,000' என்று மட்டும் இருந்து, சதவீதமே இல்லைன்னா பெரும்பாலும் நேர்கோட்டு முறை. ஏன்னா அதுக்கு வகுத்தல் மட்டும் போதும். இந்தக் கேள்வியில ஆயுளும் இல்லை, எஞ்சிய மதிப்பும் இல்லை. வெறும் 10 சதவீதம். அது ரெண்டு முறைக்குமே பொருந்தும். அதனால ரெண்டையும் போட்டுப் பார்ப்போம். ஒரே மெஷின்ல ரெண்டு முறையும் என்ன பண்ணுதுன்னு பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்த்தாதான் விஷயம் புரியும்.

முதல்ல மெஷினோட அடக்க விலை. 1,80,000 இல்லை, 2,00,000. மெஷினைக் கொண்டுவர லாரிக்கு கொடுத்தது, ஃபவுண்டேஷன் போட்டது, லெவல் பார்த்து போல்ட் முறுக்கினது எல்லாம் சேர்ந்துதான் அது ஓடுற நிலைக்கு வருது. ஓடுற நிலைக்கு வர்ற வரைக்கும் ஆகுற செலவு மெஷின் கணக்குலயே போகும். வந்த பிறகு ஊத்துற ஆயில், மாத்துற பெல்ட் எல்லாம் அந்தந்த வருஷத்துச் செலவு. கூலி என்கிற வார்த்தையைப் பார்த்ததும் கூலிக் கணக்குல டெபிட் பண்றவங்க நிறைய. அப்படிப் பண்ணினா 20,000 ரூபாய் முதல் வருஷமே லாபத்தைத் தின்னுடும். தேய்மானமும் குறைவா வரும். கீழ வர்ற ஒவ்வொரு எண்ணும் தப்பாகும்.

முதல் பதிவு, 1.7.2021:

மெஷினரி கணக்கு டெபிட் 2,00,000
டு பேங்க் கணக்கு 2,00,000

இந்த இடத்துல டெபிட், கிரெடிட் பத்தி ஒரு வார்த்தை. தமிழ் பாடப்புத்தகத்துல டெபிட்டுக்குப் 'பற்று', கிரெடிட்டுக்கு 'வரவு'. வீட்டுல வரவு செலவுன்னு சொல்ற 'வரவு' வேற, இது வேற. வீட்டு வரவுன்னா காசு உள்ள வருது. குறிப்பேட்டுல பணம் வெளிய போறப்பதான் பேங்க் கணக்கு வரவு வைக்கப்படுது. உங்க போனுக்கு வர்ற 'கிரெடிட்டட்' மெசேஜ் குழப்பத்தை இன்னும் கூட்டும், ஏன்னா அது பேங்க் தன்னோட புத்தகத்துல எழுதினது. உங்க பணம் அவங்களுக்குக் கடன். உங்க புத்தகத்துல அதே பணம் டெபிட். அதனால அந்த மெசேஜை மறந்துடுங்க. சொத்து கூடினா அந்தச் சொத்துக் கணக்கு டெபிட், குறைஞ்சா கிரெடிட். செலவு வந்தா செலவுக் கணக்கு டெபிட். இந்தக் கேள்விக்கு இவ்வளவு போதும்.

இப்போ மாதக் கணக்கு. வாங்கினது ஜூலை 1. வருஷம் முடியுறது மார்ச் 31. ஜூலையையும் சேர்த்து விரல்ல எண்ணுங்க: ஒன்பது மாசம். மார்ச் மூணாவது மாசம், ஜூலை ஏழாவது மாசம், பதினஞ்சுல ஏழு போனா எட்டுன்னு கழிச்சு எட்டு மாசம் போடுறவங்க உண்டு. ஜூலை முழுக்க மெஷின் ஓடியிருக்கு, அதை விட்டுடக் கூடாது. இன்னொண்ணு, கேள்வியில 'ஆண்டுக்கு' என்கிற சொல் இருக்கான்னு பாருங்க. இங்கிலீஷ் பேப்பர்ல அது 'p.a.' என்று பொடி எழுத்துல இருக்கும். மங்கலான போட்டோவுல அதுதான் முதல்ல அழியும். அந்தச் சொல் இல்லாம வெறும் '10 சதவீதம் தேய்மானம்' என்றிருந்தால், எப்போ வாங்கினாலும் முழு வருஷத்துக்கும் போடுறது சில பாடப்புத்தகங்கள்ல வழக்கம். நம்ம போட்டோவுல 'p.a.' தெளிவா இருக்கு. அதனால மாதம் எண்ணியே ஆகணும்.

நேர்கோட்டு முறையில வருஷத்துக்கு 2,00,000-ல் 10 சதவீதம், 20,000. முதல் வருஷம் ஒன்பது மாசத்துக்கு 15,000. மார்ச் 31, 2022 அன்று ரெண்டு பதிவு வரும்:

தேய்மானக் கணக்கு டெபிட் 15,000
டு மெஷினரி கணக்கு 15,000

லாப நட்டக் கணக்கு டெபிட் 15,000
டு தேய்மானக் கணக்கு 15,000

முதல் பதிவுல மெஷினோட மதிப்பு குறையுது, அதனால மெஷினரி கிரெடிட். குறைஞ்ச அளவு ஒரு செலவு, அதனால தேய்மானம் டெபிட். ரெண்டாவது பதிவு அந்தச் செலவை வருஷத்தோட லாபத்துல இருந்து கழிக்குது. தேய்மானக் கணக்கு அதோட காலியாகி, அடுத்த வருஷம் பூஜ்யத்துல இருந்து தொடங்கும். ரெண்டு பதிவுலயும் பேங்க் கணக்கு வரவே இல்லை, கவனிச்சீங்களா? யாருக்கும் யாரும் காசு கொடுக்கலை. காசு போனது 2021 ஜூலையிலேயே. அப்போ போன காசை, மெஷின் உழைச்ச வருஷங்களுக்குப் பிரிச்சுக் கொடுக்கிற வேலைதான் தேய்மானம். மெஷினோட மார்க்கெட் விலையை அது அளக்கிறதும் இல்லை. இந்தக் கேள்வியோட கடைசி வரி அதை நமக்குக் காட்டிடும்.

மார்ச் 2022-ல் புத்தக மதிப்பு 1,85,000. அடுத்த வருஷம் 20,000 போய் 1,65,000. அதுக்கடுத்த வருஷம் இன்னொரு 20,000 போய் 1,45,000, இது மார்ச் 2024. ஒவ்வொரு மார்ச் 31-க்கும் அதே ரெண்டு பதிவு, எண் மட்டும் மாறும்.

இப்போ அதே மெஷினைக் குறைந்து செல் மதிப்பு முறையில பார்ப்போம். முதல் வருஷத்துல வித்தியாசமே இல்லை. மேல இருந்து குறையாத மதிப்பு 2,00,000, அதுல ஒன்பது மாசத்துக்கு 15,000. மிச்சம் 1,85,000. ரெண்டாம் வருஷத்துல இருந்துதான் பாதை பிரியுது. இந்த 1,85,000-ல் 10 சதவீதம், 18,500. இங்க சிலர் மறுபடியும் ஒன்பது மாசம் போடுவாங்க. வேண்டாம். 2022-23 முழுக்க மெஷின் நம்மகிட்ட இருந்துச்சு, முழு வருஷம்தான். மிச்சம் 1,66,500. மூணாம் வருஷம் அதுல 10 சதவீதம் 16,650, மிச்சம் 1,49,850.

பதிவுகளோட வடிவம் எதுவும் மாறலை. அதே தேய்மானக் கணக்கு டெபிட், அதே மெஷினரி கிரெடிட், அதே லாப நட்ட மாற்றம். முறை மாறினா ஜர்னல் என்ட்ரியும் வேற மாதிரி எழுதணும்னு பயப்படுறவங்களுக்காக இதைச் சொல்றேன். மாறுறது தொகை மட்டுமே.

இப்போ விற்பனை வருஷம். மெஷினை வித்தது செப்டம்பர் 30, 2024. ஏப்ரல்ல இருந்து செப்டம்பர் வரை ஆறு மாசம் அது ஓடியிருக்கு. அந்த ஆறு மாசத் தேய்மானத்தை விக்கிற தேதியிலேயே முதல்ல எழுதணும். அப்புறம்தான் விற்பனைப் பதிவு. மார்ச் 31 வர்ற வரைக்கும் காத்திருக்கக் கூடாது, ஏன்னா அப்போ மெஷினே நம்ம புத்தகத்துல இருக்காது.

நேர்கோட்டு முறையில ஆறு மாசத்துக்கு 10,000. 1,45,000-ல் அதைக் கழிச்சா விற்கும் நாள்ல புத்தக மதிப்பு 1,35,000. கிடைச்சது 1,40,000. அதனால 5,000 லாபம்.

30.9.2024:

தேய்மானக் கணக்கு டெபிட் 10,000
டு மெஷினரி கணக்கு 10,000

பேங்க் கணக்கு டெபிட் 1,40,000
டு மெஷினரி கணக்கு 1,35,000
டு லாப நட்டக் கணக்கு 5,000

குறைந்து செல் மதிப்பு முறையில 1,49,850-ல் 10 சதவீதம் 14,985, அதுல பாதி 7,492.50. புத்தக மதிப்பு 1,42,357.50. கிடைச்சது அதே 1,40,000. இந்த முறை 2,357.50 நட்டம்.

தேய்மானக் கணக்கு டெபிட் 7,492.50
டு மெஷினரி கணக்கு 7,492.50

பேங்க் கணக்கு டெபிட் 1,40,000
லாப நட்டக் கணக்கு டெபிட் 2,357.50
டு மெஷினரி கணக்கு 1,42,357.50

நிறைய பேர் மார்க் விடுறது இந்தப் பதிவுலதான். மெஷினரி கணக்கை 1,40,000-க்கு மட்டும் கிரெடிட் பண்ணிட்டு நிறுத்திடுவாங்க. அப்போ வித்துட்டுப் போன மெஷினோட கணக்குல 2,357.50 ரூபாய் அநாதையா நிக்கும். மெஷின் போயாச்சுன்னா அந்தக் கணக்கு பூஜ்யத்துக்கு வரணும். ஒரே பதிவுல எழுதாம, முதல்ல 1,40,000-க்கு ஒரு பதிவு, அப்புறம் மிச்சத்தை லாப நட்டத்துக்கு மாத்த இன்னொரு பதிவுன்னு எழுதினாலும் சரிதான். சில புத்தகங்கள் அப்படித்தான் போட்டிருக்கும்.

இன்னொரு பதிவு மிச்சம் இருக்கு. செப்டம்பர்ல எழுதின ஆறு மாசத் தேய்மானத்தை மார்ச் 31, 2025 அன்று லாப நட்டக் கணக்குக்கு மாத்தணும். மெஷின் கதை முடிஞ்சதுன்னு பேனாவை மூடிட்டா இது விட்டுப்போகும். போட்டோவுல இருக்கிற மெஷின் மறைஞ்சாலும் தேய்மானக் கணக்கு இன்னும் திறந்தே இருக்கு.

இப்போ கொஞ்சம் நின்னு யோசிங்க. ஒரே லேத். ஒரே விலைக்கு வாங்கி ஒரே விலைக்கு வித்தாங்க. ஒரு புத்தகம் 5,000 லாபம்னு சொல்லுது, இன்னொரு புத்தகம் 2,357.50 நட்டம்னு சொல்லுது. இதுல யார் சொல்றது உண்மை? ஓனர் நல்ல விலைக்கு வித்தாரா, ஏமாந்தாரா?

ரெண்டு பக்கமும் மொத்தத்தைக் கூட்டிப் பாருங்க. நேர்கோட்டு முறையில போட்ட தேய்மானம் 15,000, 20,000, 20,000, 10,000, ஆக 65,000. விற்பனை லாபம் 5,000-ஐக் கழிச்சா 60,000. மற்ற முறையில 15,000, 18,500, 16,650, 7,492.50, ஆக 57,642.50. விற்பனை நட்டம் 2,357.50-ஐக் கூட்டினா அதுவும் 60,000. ரெண்டு லட்சம் போட்டு ஒன்றரை லட்சத்துக்குப் பத்தாயிரம் குறைவா எடுத்தாங்க. அந்த 60,000 ரூபாய்தான் மெஷினை வச்சிருந்த மூணே கால் வருஷத்துக்கு உண்மையான செலவு. எந்த முறையாலயும் அதை ஒரு பைசா கூட்டவோ குறைக்கவோ முடியாது. எந்த வருஷத்துல எவ்வளவு காட்டணும் என்பதை மட்டும்தான் முறை தீர்மானிக்குது. முன்னாடி அதிகமா கழிச்சவங்களுக்குக் கடைசியில லாபம்னு திரும்பி வரும். கம்மியா கழிச்சவங்க விட்ட பாக்கியைக் கடைசியில நட்டமா கட்டுவாங்க. அதனால 'விற்பனை லாபம்' என்கிற பேரைப் பார்த்து ஓனருக்குக் கை தட்ட வேண்டாம்.

பரீட்சை ஹால்ல இந்த 60,000 ஒரு நல்ல சரிபார்ப்பு. போட்ட தேய்மானம் எல்லாத்தையும் கூட்டி, நட்டம்னா சேர்த்து, லாபம்னா கழிச்சா, அடக்க விலைக்கும் விற்ற விலைக்கும் உள்ள வித்தியாசம் வரணும். வரலைன்னா எங்கயோ கழித்தல் தப்பு, அல்லது கூட்டுறப்போ ஒரு வருஷம் விட்டுப்போச்சு, அல்லது 20,000 நிறுவல் செலவைச் சேர்க்கலை.

ஆனா இதை முழுசா நம்பவும் முடியாது. உதாரணமா, விற்பனை வருஷத்து ஆறு மாசத் தேய்மானத்தையே மறந்துட்டீங்கன்னு வைங்க. நேர்கோட்டு முறையில புத்தக மதிப்பு 1,45,000-லயே நிக்கும், விற்பனையில 5,000 நட்டம் வரும். கூட்டினா 55,000-மும் 5,000-மும் 60,000. சரியா வந்துடுச்சு! விடை தப்பு, சரிபார்ப்பு மட்டும் பாஸ். தேய்மானத்துல விட்டதை எல்லாம் விற்பனை வரி அப்படியே விழுங்கிடும். அதனால மாதத் தப்பைப் பிடிக்கத் தனியா ஒண்ணு வேணும். நேர்கோட்டு முறைக்கு ரொம்பச் சுலபம்: ஜூலை 2021-ல இருந்து செப்டம்பர் 2024 வரை மொத்தம் 39 மாசம், வருஷத்துக்கு 20,000 வீதம் 39 மாசத்துக்கு 65,000. குறைந்து செல் மதிப்பு முறைக்குக் கால்குலேட்டர்ல ஒரே சங்கிலியா தட்டிடலாம். ஒன்பது மாசத்துக்கு 7.5 சதவீதம் போனா மிச்சம் 0.925, முழு வருஷம் 0.9, ஆறு மாசம் 0.95:

200000 × 0.925 × 0.9 × 0.9 × 0.95 = 142357.5

விற்கும் நாள் புத்தக மதிப்பு நேரா வந்துடுது. வருஷ வாரியா போட்ட விடையோட இது ஒத்துப்போனா நிம்மதியா அடுத்த கேள்விக்குப் போகலாம்.

இங்க ஒரு சந்தேகம் உங்களுக்கு வந்திருக்கணும். எஞ்சினியரிங் எகனாமிக்ஸ் கிளாஸ்ல குறைந்து செல் மதிப்பு முறை ஆரம்ப வருஷங்கள்ல வேகமா கழிக்கும்னு சொல்லிக் கொடுத்தாங்க. ஆனா நம்ம கணக்குல ரெண்டாம் வருஷத்துல இருந்தே அது நேர்கோட்டு முறையை விடக் கம்மியாத்தான் கழிச்சிருக்கு. பாடம் தப்பா? இல்லை. இந்தக் கேள்வி ரெண்டுக்கும் ஒரே 10 சதவீதத்தைக் கொடுக்குது. ஒரே சதவீதம்னா, குறையுற மதிப்பு மேல போடுறது எப்பவுமே பின்தங்கும். பத்து வருஷத்துல நேர்கோட்டு முறை பூஜ்யத்தைத் தொடும்போது, 10 சதவீதக் குறைந்து செல் முறையில இன்னும் மூணுல ஒரு பங்குக்கு மேல மிச்சம் இருக்கும். கிளாஸ்ல சொன்ன 'வேகம்' வேற ஒப்பீடு: ரெண்டு முறையும் ஒரே ஆயுள்ல, ஒரே எஞ்சிய மதிப்புல போய் முடியணும். அதுக்குக் குறைந்து செல் முறையோட சதவீதம் நிறைய பெருசா இருக்கணும்.

அதே போட்டோவுல 'அல்லது' போட்டு இருந்த ரெண்டாவது கேள்வி அதைத்தான் கேட்குது. மெஷின் விலை ரூ.1,00,000, ஆயுள் 4 ஆண்டு, எஞ்சிய மதிப்பு ரூ.40,960, ரெண்டு முறையிலயும் தேய்மான அட்டவணை தருக. நேர்கோட்டுக்கு 59,040-ஐ நாலால வகுத்தா வருஷத்துக்கு 14,760. குறைந்து செல் முறைக்கு ஃபார்முலா:

r = 1 − (S/C)^(1/n)

இதுல C அடக்க விலை, S எஞ்சிய மதிப்பு, n ஆயுள். மனப்பாடம் பண்ண வேண்டியதில்லை. ஒவ்வொரு வருஷமும் மதிப்பு (1 − r) ஆல பெருக்கப்படுது, நாலு தடவை பெருக்கினா ஒரு லட்சம் 40,960 ஆகணும். பிளஸ் ஒன் பெருக்குத் தொடர்தான். 0.4096-க்கு நாலாம் மூலம் வேணும். சயின்டிஃபிக் கால்குலேட்டர் இல்லாதவங்க வர்க்கமூலப் பட்டனை ரெண்டு தடவை அழுத்தினா போதும்: முதல்ல 0.64, அப்புறம் 0.8. அப்போ r 20 சதவீதம். தேய்மானம் 20,000, 16,000, 12,800, 10,240. கூட்டினா அதே 59,040. இப்போதான் 'வேகம்' தெரியுது: முதல் வருஷம் 14,760-க்குப் பதிலா 20,000, கடைசி வருஷம் 14,760-க்குப் பதிலா 10,240. புது மெஷின் முதல் வருஷங்கள்ல ரிப்பேர் இல்லாம நிறைய வேலை கொடுக்கும், வயசாக ஆக ரிப்பேர் செலவு ஏறும். தேய்மானம் குறையக் குறைய ரிப்பேர் கூடினா வருஷத்து மொத்தச் சுமை ஓரளவு சமமாகும். இந்த முறைக்கு ஆதரவா சொல்ற வாதம் அதுதான். ஒரு கட்டடத்துக்கோ பேட்டன்ட் உரிமைக்கோ அது அவ்வளவா பொருந்தாது. பேட்டன்ட் வருஷா வருஷம் ஒரே அளவுதான் கரையும், நேர்கோடு போதும்.

ஃபார்முலாவுக்கு ஒரு எல்லை உண்டு. எஞ்சிய மதிப்பைப் பூஜ்யம்னு கொடுத்துப் பாருங்க. r நூறு சதவீதம் ஆகிடும், முதல் வருஷமே மெஷின் மாயமாகும். வருஷா வருஷம் பத்துல ஒரு பங்கைக் கழிச்சுக்கிட்டே போனா எப்பவும் ஏதோ ஒண்ணு மிச்சம் இருக்கும், பூஜ்யத்தைத் தொடவே தொடாது. அதனால 'எஞ்சிய மதிப்பு இல்லை' என்று ஒரு கேள்வியில பார்த்தா, சதவீதத்தையும் தனியா கொடுக்காம இருந்தா, அங்க விரல் எதை மறைச்சிருந்தாலும் அது நேர்கோட்டு முறைதான்.

பதிவு எழுதுறதுல இன்னொரு பாணியும் இருக்கு. சில பேப்பர்ல 'தேய்மான ஒதுக்குக் கணக்கு பராமரிக்கப்படுகிறது' என்று ஒரு வரி வரும். அப்போ வருஷா வருஷம் மெஷினரியை கிரெடிட் பண்ணக் கூடாது. ஒதுக்குக் கணக்கை கிரெடிட் பண்ணணும். மெஷினரி கணக்கு கடைசி வரைக்கும் 2,00,000-லயே நிக்கும். பக்கத்துல ஒதுக்குக் கணக்கு வளர்ந்துக்கிட்டே வரும். பேலன்ஸ் ஷீட்டைப் பார்க்கிறவருக்கு மெஷின் எவ்வளவுக்கு வாங்கினது, எவ்வளவு தேஞ்சிருக்கு ரெண்டும் தனித்தனியா தெரியும். விற்கும்போது சேர்ந்த 65,000-ஐ மெஷினரி கணக்குக்கு எதிரா எழுதணும்:

தேய்மான ஒதுக்குக் கணக்கு டெபிட் 65,000
டு மெஷினரி கணக்கு 65,000

அதுக்கப்புறம் மெஷினரி கணக்குல நிக்கிறது அதே 1,35,000. விற்பனை லாபமும் அதே 5,000.

இதெல்லாம் பேப்பர் கணக்கு. நிஜக் கம்பெனியில இந்த 10 சதவீதத்தை யார் முடிவு பண்றாங்க? 2013 கம்பெனிகள் சட்டத்தோட ரெண்டாம் அட்டவணை சதவீதம் எதுவும் கொடுக்கலை, ஆயுள்தான் கொடுக்குது. பொதுவான பிளான்ட், மெஷினரிக்கு 15 வருஷம். எஞ்சிய மதிப்பு சாதாரணமா அடக்க விலையில 5 சதவீதத்துக்கு மேல போகக் கூடாது. நம்ம லேத்துக்கு அந்த 5 சதவீதத்தை, அதாவது 10,000-ஐ, வச்சு நேர்கோட்டு முறையில போட்டா 1,90,000-ஐப் பதினஞ்சால வகுத்து வருஷத்துக்கு சுமார் 12,667. கேள்வி சொன்ன 20,000 எங்க, இது எங்க.

வருமான வரிக்கு இதே லேத் இன்னொரு கணக்கு. லேத் ஓடின அந்த வருஷங்களுக்குப் பொருந்தின 1961 வருமான வரிச் சட்டத்துல பொதுவான மெஷினரிக்கு 15 சதவீதம், குறைந்து செல் மதிப்பு முறையில. அங்க மாதம் எண்ணுற வேலையே இல்லை. வாங்கின வருஷத்துல 180 நாளுக்குக் கம்மியா பயன்படுத்தினா பாதி, இல்லைன்னா முழுசு. ஜூலை 1-ம் தேதி வாங்கி அன்னைக்கே ஓட்டியிருந்தா முழு 30,000. விற்கிறப்போ இன்னும் வேடிக்கை. அங்க மெஷின்கள் தனித்தனியா இல்லை, ஒரே வகையில ஒரே சதவீதம் உள்ள சொத்துகள் எல்லாம் ஒரே தொகுப்பு. 1,40,000 அந்தத் தொகுப்போட மதிப்புல இருந்து அப்படியே கழிக்கப்படும். தொகுப்புல வேற மெஷின்கள் இருந்து, அதோட மதிப்பும் மிச்சம் இருக்கிற வரைக்கும், இந்த லேத்துக்குன்னு தனியா லாபமும் இல்லை, நட்டமும் இல்லை. அதனாலதான் கம்பெனிகள் ஒரே மெஷினுக்கு ரெண்டு தேய்மான அட்டவணை வச்சிருக்காங்க: ஷேர்ஹோல்டருக்கு ஒண்ணு, வரி ஆபீசுக்கு ஒண்ணு. ரெண்டுமே சட்டப்படி சரியான அட்டவணைதான்.